மருந்துக்கடைக்கு நான்கு எண்கள்

வேனக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் அச்சடித்திருக்கிறார்கள். போக்குவரத்துக் காவலர்களைத் தவிர அதை யாரும் படித்ததில்லை. மற்ற எல்லோருக்கும் அவள் வேனக்காதான். கட்டிய கணவர்கூடக் கடுப்பாக இருக்கும் நாட்களில், "என்ன வேனக்கா, சாப்பாடு உண்டா இல்லையா?" என்று கேட்பார். அவர் ஒரு நூல் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். சைக்கிளில் ஏறினாலே கை நடுங்கும் மனிதர். வீட்டில் ஸ்டீயரிங் பிடிக்கிற பாக்கியம் அவளுக்குத்தான் வாய்த்தது.

முதலில் அவள் ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் ஆயாவாகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைய டிரைவர் தொட்டதற்கெல்லாம் லீவு போடுகிறவர். அவர் வராத நாட்களில் பிள்ளைகள் தெருவில் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் போய் வண்டி கற்றுக்கொண்டு, உரிமத்தோடு பள்ளி அலுவலகத்தில் வந்து நின்றாள். பதினேழு வருடமாகிறது. ஒரு தரம் பின்பக்க விளக்கு உடைந்தது, அதுவும் பின்னால் வந்த லாரியின் கைங்கரியம்.

பிள்ளைகளை ஏற்றுவதை அவள் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. இறக்குவதுதான் வேலை. யார் கையில் இறக்குகிறோம் என்பதில் அவள் கறார். ஒருமுறை ஒரு பையனின் சொந்தச் சித்தப்பாவையே, "உங்களை எனக்குத் தெரியாது. வீட்டுல இருந்து போன் வரட்டும்" என்று அரை மணி நேரம் நிற்க வைத்தாள். அவர் ஊரிலே பெரிய புள்ளி. ஆத்திரத்தில் மீசை துடித்தது. போன் வந்த பிறகுதான் பையன் இறங்கினான். பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறான கைக்குப் போனதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்வதுமில்லை.

அந்தப் பெருமையில் பாதி அவளுடைய பழைய பட்டன் போனுக்குச் சேர வேண்டும். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள் இருந்தன. அவள் யாரையும் பெயர் போட்டுச் சேமிக்க மாட்டாள். 'சின்னப் பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொருத்தர் பெயரா எழுத எனக்கென்ன வேறு வேலை இல்லையா?' என்பது அவள் கட்சி. பிள்ளை எந்த நிறுத்தத்தில் ஏறுகிறதோ அதுதான் பெயர். பாலத்தடியில் ஆறு பிள்ளைகள் ஏறினால் போனில் ஆறு 'பாலம்' இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் ஐந்து பேர் என்றால் ஐந்து 'தண்ணீர்த் தொட்டி'. முதல் பாலம் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, இரண்டாவது பாலம் எப்போதும் தாமதமாக வரும் வீடு, மூன்றாவது பாலம் தாத்தா. சேமித்த வரிசை மாறாமல் அந்தப் போன் காட்டும். அவள் விரலுக்கு அந்த வரிசை அத்துப்படி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பார்க்காமலேயே கீழ்ப் பட்டனை மூன்று தரம் அமுக்கித் தாத்தாவைப் பிடித்துவிடுவாள்.

வேறு யாராவது அந்தப் போனை எடுத்துப் பார்த்தால் தலை சுற்றும். அவளுக்குச் சுற்றவில்லை. ஆகவே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இந்த வருடம் பள்ளிக்குப் புதுப் போக்குவரத்துப் பொறுப்பாளர் வந்தார். எதையும் தாளில் தொட மாட்டார். எல்லா டிரைவர்களுக்கும் மெயில் கணக்கு வேண்டும், அன்றாடப் பட்டியல் மெயிலில்தான் வரும், பெற்றோர் எண்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும், போன் தொலைந்தாலும் எண்கள் தொலையக் கூடாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் வேனக்காவுக்கு இன்னும் எரிச்சல். நியாயமில்லாததாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் போனையும் பழைய போனையும் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனாள். கணவரின் தங்கையான அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கை மின்னலாக ஓடும், வாய் அதைவிட வேகம். பழைய போனில் இருந்த எண்கள் மொத்தத்தையும் மெமரி கார்டில் ஒரே கோப்பாக இறக்கி, கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். புதிதாக ஒரு மெயில் கணக்கு திறந்தாள். தொடர்புகள் பக்கத்துக்குப் போய், 'இறக்குமதி' என்பதை அழுத்திக் கோப்பைக் காட்டினாள். மணி பதினொன்றரை இருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்து இறங்கிவிட்டன.

"அவ்வளவுதானா?" என்றாள் வேனக்கா.

"அவ்வளவுதான் அண்ணி. இதுக்கா ஒரு வாரமா அண்ணனைப் போட்டு வறுத்து எடுத்தீங்க?"

அதற்குள் லேமினேஷனுக்கு நாலு பேர் வந்துவிட்டார்கள். வேனக்கா மதியச் சமையலுக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். கூட்டம் கலைந்து, பன்னிரண்டேகால் வாக்கில் நாத்தனார் மறுபடி திரையைப் பார்த்தபோது, ஒரே பெயரில் நிறையத் தொடர்புகள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. எல்லாவற்றையும் சேர்த்துவிடட்டுமா என்றும் கேட்டது. அவள் பட்டியலில் ஒரு பார்வை ஓட்டினாள். பாலம், பாலம், பாலம், பாலம். அண்ணிக்கு ஒரே எண்ணை நாலு தரம் சேமிக்கிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். 'எல்லாவற்றையும் சேர்' என்பதைத் தட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு, நூற்று எழுபத்து நான்காகச் சுருங்கியது. சாயங்காலம் புதுப் போனைக் கொடுக்கும்போது, "குப்பையெல்லாம் கூட்டித் தள்ளிட்டேன் அண்ணி" என்றாள் பெருமையாக. வேனக்கா நன்றி சொன்னாள். பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொண்டு, பழையதை வீட்டு அலமாரியில் வைத்தாள்.

திங்களும் செவ்வாயும் யாரையும் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பதினொரு பிள்ளைகளின் வீட்டு எண்களை மட்டும், புதுப் போனில் எழுதுவது சுலபமாக இருந்ததால், முழுப் பெயரோடு ஒவ்வொன்றாகப் பதிந்தாள்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கே பள்ளி விடுகிறார்கள் என்று தகவல் வந்தது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது டிரைவர்களின் பொறுப்பு. வேனக்கா வண்டிக்குள் உட்கார்ந்து 'மருந்துக்கடை' என்பதைத் தட்டினாள். அது திறந்தது. உள்ளே நான்கு எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. எது யார் வீடு என்று ஒரு குறிப்பும் இல்லை. பாலத்தைத் தட்டினாள், ஆறு எண்கள். தண்ணீர்த் தொட்டியில் ஐந்து. அவள் விரலுக்குத் தெரிந்த வரிசை எதுவும் அங்கே இல்லை.

வெளியே பிள்ளைகள் பையோடு நனைந்துகொண்டு வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். யோசிக்க நேரமில்லை. எல்லா எண்ணுக்கும் அனுப்பிவிட்டால் சரியான வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தாள். "மழை. இன்று வேன் 12.30க்கு வரும். நிறுத்தத்துக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்ளவும்" என்று எழுதி, நேரத்தை மட்டும் நிறுத்தத்துக்கு ஏற்ப மாற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பினாள். பதற்றத்தில் ஒன்றை மறந்துபோனாள்.

மருந்துக்கடையில் ஏறுவது மூன்று பிள்ளைகள்தான். நான்காவது எண், அவர்களில் கண்ணாடிப் பாப்பா என்று அவள் கூப்பிடும் ஏழு வயதுப் பெண்ணின் அப்பாவுடையது. போன வருடம் அந்தக் குடும்பம் பிரிந்தது. அம்மா அல்லது மாமா கையில் மட்டும்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்திருந்தார்கள். அப்பா கூப்பிட்டால் யார் என்று தெரிய வேண்டும், எடுத்துப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த எண்ணை வாங்கி, மருந்துக்கடை வரிசையின் கடைசியில் போட்டு வைத்திருந்தாள். கடைசி மருந்துக்கடை என்றால் எடுக்கக் கூடாதது, அதற்கு மட்டும் தனி மணியோசை. பழைய போனில் அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

பன்னிரண்டரைக்கு வண்டி மருந்துக்கடை முன்னால் நின்றது. இரண்டு அம்மாக்கள் குடையோடு வந்து தங்கள் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக ஒரு மனிதர் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கையில் ஒரு சின்னக் குடை, பூப்போட்டது, புதிதாக வாங்கியது. விலைச்சீட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அப்பா!" என்று கண்ணாடிப் பாப்பா ஜன்னலில் முகத்தை ஒட்டினாள்.

வேனக்கா இறங்கினாள். கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள்.

"நீங்க கூட்டிட்டுப் போக முடியாதுங்க."

"நீங்கதானே வரச் சொன்னீங்க?" அவர் போனைத் திருப்பிக் காட்டினார். அவள் எழுதியதுதான். அவள் எண்தான். "நான் கேட்கவே இல்லையே அக்கா. நீங்களா அனுப்பினீங்க. வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், கத்துகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவரைக் கூப்பிட்டதே அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"அனுப்பினது நான்தான். உங்களுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. தப்பு முழுக்க என்னோடது. அதுக்காகப் பிள்ளையைத் தர முடியாது."

"வீட்டு வாசல்ல விட்டுட்டுத் திரும்பிடறேன். அஞ்சு நிமிஷம். குடை பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

"முடியாதுங்க."

"நான் அவ அப்பா அக்கா."

"தெரியும். அவ கூப்பிட்டதும் கேட்டுச்சு. முடியாதுங்க." தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "நான் ஏறிக் கதவைச் சாத்தப் போறேன். தயவுசெய்து தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். வண்டி கிளம்பும்போது குடையைப் பிரிக்காமல் கையில் பிடித்தபடியே மழையில் நின்றிருந்தார். கண்ணாடிப் பாப்பா அழவில்லை. "அப்பா ஏன் நம்மகூட வரலை?" என்று மட்டும் கேட்டாள். வேனக்கா, "அம்மாகிட்ட கேட்கலாம் கண்ணு" என்றாள். அதைவிட நல்ல பதில் அவளுக்குத் தோன்றவில்லை.

மிச்ச நிறுத்தங்களை முடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாப்பாவோடு பள்ளிக்கே திரும்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் பொறுப்பாளரிடம் சொன்னாள். மாமா வெளியூரில் இருந்தார், ஆகவே அவர் பதிவேட்டைப் பார்த்து அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டார். அம்மா வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனியில் உணவு இடைவேளை வரை போன்கள் பெட்டியில் பூட்டியிருக்கும். ஒரு மணிக்குமேல்தான் அவள் எடுத்தாள். ஒன்றேமுக்காலுக்குத் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள்.

வேனக்கா அவளிடமும் மறைக்கவில்லை. "நான்தான் அவருக்குத் தகவல் அனுப்பிட்டேன்மா. தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா செஞ்சது நான்."

அம்மாவின் முகம் வெளுத்தது. பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "உங்களை நம்பித்தான் அக்கா நான் நிம்மதியா வேலைக்குப் போறேன். வேன்ல அனுப்பறதா வேண்டாமான்னு யோசிச்சு நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொறுப்பாளர் திட்டவில்லை. "எந்த நிறுத்தம், எந்தப் பிள்ளை, யார் எண், யாரிடம் ஒப்படைக்கலாம், இவ்வளவும் தெளிவா ஒரு பட்டியல். காலையில ஏழு மணிக்குள்ள என் மெயிலுக்கு வரணும். வரலைன்னா நாளைக்கு அந்த வழியில வேற வண்டி போகும்" என்றார்.

வேனக்கா வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து பழைய போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது உயிர் பெற்றதும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். அப்போது மணி ஐந்து.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "ஐயோ அண்ணி, ஒரே பேருன்னா ஒரே ஆளுன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.

"கம்ப்யூட்டரும் அப்படித்தான் நினைச்சிருக்கு. உங்க ரெண்டு பேரையும் குத்தம் சொல்ல முடியாது. ஊருல இருக்கிற எல்லாருக்கும் பாலம்னு பேர் வச்சவ நான். இப்ப அழுதுக்கிட்டு இருக்காதே, இதைப் பிரிக்க முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

முடியும் என்றாள் நாத்தனார். தொடர்புகளை முப்பது நாள் வரை எந்த நேரத்துக்கும் பின்னால் கொண்டுபோகலாம். ஆனால் அதற்குப் பிறகு சேர்த்ததெல்லாம் போய்விடும்.

"அப்ப திங்கள், செவ்வாய் நான் பதிஞ்ச பதினொண்ணு?"

"போயிடும்."

"போகக் கூடாது. அதை முதல்ல தனியா எடுத்து வை."

நாத்தனார் அந்தப் பதினொன்றையும் திரையில் ஒவ்வொன்றாகக் குறியிட்டு, தனிக் கோப்பாக இறக்கிக்கொண்டாள். வேனக்கா அதைத் திறந்து காட்டச் சொல்லி, பதினொன்று இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு கணக்கைப் பின்னால் தள்ள வேண்டிய நேரம். எண்கள் வந்தது பதினொன்றரை, சேர்த்தது பன்னிரண்டேகால். நடுவில் நிற்க வேண்டும். ஞாயிறு பன்னிரண்டு மணி என்றால், அங்கிருந்து மூன்று நாள் ஐந்து மணி நேரம். நாத்தனார் அந்த எண்களைப் போட்டு அழுத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. பதினொன்றின் கோப்பை உள்ளே இறக்கினாள். முந்நூற்று இருபத்து மூன்று.

"ஒரே பேர்ல நிறைய இருக்கு, சேர்க்கட்டுமான்னு மறுபடி கேட்குது அண்ணி."

"கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பாதே."

ஆறு பாலங்களும் தனித்தனியாக வந்துவிட்டன. ஆனால் எது முதல் பாலம், எது மூன்றாவது என்ற வரிசை பழைய போனில்தான் இருந்தது. வேனக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணைப் படித்தாள். நாத்தனார் அந்த எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டு, ஆளைக் கண்டுபிடித்துப் புதுப் பெயர் எழுதினாள்.

"முதல் பாலம். இரட்டைப் பிள்ளைங்க அம்மா. எழுதிட்டியா? அடுத்தது. லேட்டா வர்ற வீடு."

"லேட்டா வர்ற வீடுன்னே எழுதட்டுமா?"

"பொறுப்பாளர் பார்க்கிற பட்டியல்டி! பையன் அம்மான்னு எழுது."

இப்போது வண்டி நிற்கும் நிறுத்தங்களின் ஐம்பத்தெட்டு எண்களுக்கும் இப்படியே உட்கார்ந்தார்கள். கடைக்கு வந்தவர்களை நாத்தனார் நிற்கச் சொன்னாள், நின்றார்கள். வேன் மெக்கானிக்கின் எண் மூன்று இடத்தில் இருந்தது, நாட்டுக் குறியீட்டோடு ஒன்று, இல்லாமல் இரண்டு. இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்த்துவிட்டு, "இவன் ஒரே ஆள்தான். இவனைச் சேர்" என்று வேனக்கா உத்தரவு கொடுத்தாள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது ஏழு பேர். என்றோ படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் எண்களை அழித்துவிடலாமா என்று நாத்தனார் கேட்டதற்கு ஒரு முறை முறைத்தாள்.

கடைசி மருந்துக்கடை வந்தது. வேனக்கா எண்ணை இரண்டு தரம் படித்தாள்.

"என்னன்னு எழுத அண்ணி?"

"மருந்துக்கடை, கண்ணாடிப் பாப்பா அப்பா, ஒப்படைக்கக் கூடாது." அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "முழுசா எழுது. சுருக்காதே."

ஏழரைக்குப் பட்டியல் பொறுப்பாளரின் மெயிலுக்குப் போனது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே புதுப் போனில் எல்லாப் பெயர்களும் மாறிவிட்டன. அவள் தெருவிளக்கடியில் நின்று மருந்துக்கடை நான்கையும் திறந்து பார்த்தாள். நான்கும் நான்கு பேர்.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. திரையில் முழுப் பெயரும் வந்தது, கடைசி இரண்டு வார்த்தைகள் உட்பட. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. கணவர் ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சற்றுப் பொறுத்து அதே எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'பாப்பா நனையாம வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா?' என்று மட்டும் இருந்தது.

பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை சொல்லவும் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் வண்டியை மருந்துக்கடை முன்னால் நிறுத்தினாள். மழை விட்டிருந்தது. கண்ணாடிப் பாப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். பாப்பாவின் தோளில் புத்தகப் பை இருந்தது. ஆனாலும் அம்மா அவள் கையை விடவில்லை.

வேனக்கா இறங்கினாள். "பட்டியலைச் சரி பண்ணிட்டேன்மா. இனிமே அந்தத் தப்பு நடக்காது. நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க. ராத்திரி வந்தது. நான் பதில் போடலை." போனை நீட்டினாள்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். மேலே எழுதியிருந்த பெயரை முதலில் படித்தாள், கடைசி வார்த்தை வரை. பிறகு கீழே இருந்த கேள்வியைப் படித்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பாப்பாவின் கையை விட்டு, "ஏறிக்கோ" என்றாள்.

பாப்பா ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்:

"ஆமான்னு மட்டும் போட்டுடுங்க அக்கா."

வேனக்கா எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். சரியான ஆளுக்குத்தான் போகிறது.